ஒரு கட்டம், இரு மொழி: ஒரு மருத்துவமனைப் படிவம் நடத்திய பாடம்

திருச்செங்கோடு பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்கள் ஊரில் பல வீடுகளில் அப்பா ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட வடமாநிலங்களுக்குப் போயிருப்பார். திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அம்மா தறிக்குப் போய்விடுவார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் அழைத்துப் போவது பெரும்பாலும் அப்பத்தாதான்.

ஒரு நாள் மாலை, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இருமலும் லேசான மூச்சிரைப்பும் இருந்ததால், அவனையும் அவன் அப்பத்தாவையும் அருகிலுள்ள ஒரு சிறு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நுழைந்ததும் ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கிலம். அப்பத்தாவிடம் கேட்டுக் கேட்டுத் தமிழ்ப் பக்கத்தை நானே நிரப்பினேன். "இழுப்பு உண்டா?" என்று ஒரு கேள்வி. கேட்டதும் அப்பத்தா, "ஆமாங்க சார், சின்னதுல இருந்தே இருக்குதுங்க" என்றார். டிக் போட்டேன். வரவேற்பில் இருந்தவர் ஒவ்வொரு டிக்கையும் பார்த்துப் பின்பக்க ஆங்கிலக் கட்டங்களில் போட்டுக்கொண்டார்.

மருத்துவர் பின்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பையனுக்குக் கடைசியா ஃபிட்ஸ் எப்பம்மா வந்தது? என்ன மாத்திரை குடுக்கறீங்க?"

அப்பத்தா பதறிப்போனார். "ஃபிட்ஸெல்லாம் இல்லீங்க டாக்டர். இழுப்புங்க. சளி கட்டுனா மூச்சு இழுக்குமுங்க. வாயில வெச்சு உறிஞ்சற மருந்து குடுத்திருக்காங்க."

படிவத்தைத் தயாரித்தவருக்கு இழுப்பு என்றால் வலிப்பு. அப்பத்தாவுக்கும் எனக்கும் இழுப்பு என்றால் மூச்சிரைப்பு. இரண்டுமே தமிழில் புழங்கும் பொருள்கள்தாம். அன்று மருத்துவர் வாய்விட்டுக் கேட்டதால் விஷயம் வெளிவந்தது. இரவு நேரத்தில், கூட்டத்தில், அதே தாளின் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து வேறு ஊர் மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தால், அந்தப் பையன் வலிப்பு நோயாளியாகவே போய்ச் சேர்ந்திருப்பான். அவனுடைய மூச்சிரைப்பு எந்தத் தாளிலும் இருந்திருக்காது.

கிளம்பும்போது மருத்துவர் என்னிடம், "நீங்க இங்கிலீஷ் சார்தானே, இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் சரிபண்ணித் தாங்களேன்" என்றார். ஒரு மாலையில் முடிந்துவிடும் என்று நினைத்து வாங்கி வந்தேன். ஒன்பதாம் வகுப்பில் வாரம் இரண்டு பாடவேளை வீதம் மூன்று வாரம் ஆயிற்று.

படிவத்துக்கு இரண்டு வாசகர்கள்

வகுப்பில் முதலில் ஒரு கேள்வியை எழுப்பினேன். ஊரில் எல்லாரும் தமிழ் பேசும்போது இந்தப் படிவத்துக்கு ஆங்கிலம் எதற்கு? மாணவர்களே விடை சொன்னார்கள். நிரப்புகிறவர் தமிழில் நிரப்புகிறார். மருந்துச்சீட்டும், பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையும், வேறு மருத்துவமனைக்குக் கொடுக்கும் கடிதமும் ஆங்கிலத்தில் போகின்றன. ஆகவே எழுதுகிறவர் ஒரு மொழியிலும், படிக்கிறவர் இன்னொரு மொழியிலும் அதே தாளைப் பயன்படுத்துகிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டதும் முதல் முடிவு தானாக வந்தது. தமிழ் ஒரு பக்கம், ஆங்கிலம் ஒரு பக்கம் என்று இருந்தால், நடுவில் ஒருவர் உட்கார்ந்து டிக்கைப் பெயர்த்து எழுத வேண்டியிருக்கிறது. தவறு நுழையும் வாசல் அதுதான். பழைய படிவத்தைச் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தமிழ்ப் பக்கத்தில் ஏழாவதாக இருந்த கேள்வி ஆங்கிலப் பக்கத்தில் எட்டாவதாக இருந்தது. யாரோ ஒரு முறை ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறார்கள்.

எனவே ஒவ்வொரு விடைக்கும் ஒரே ஒரு கட்டம் என்று வைத்தோம். கட்டத்துக்கு வலப்பக்கம் மேல்வரியில் தமிழ், கீழ்வரியில் சற்றுச் சிறிய எழுத்தில் ஆங்கிலம். இரு மொழிகளையும் ஒரே வரியில் சாய்கோடு போட்டு எழுதிப் பார்த்தோம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் வரி உடைந்து, கட்டம் எந்தச் சொல்லுக்கு உரியது என்பதே குழம்பிப்போயிற்று. மேல்-கீழ் அமைப்பில் அந்தச் சிக்கல் இல்லை. டிக் போடுகிறவரும் படிக்கிறவரும் ஒரே கட்டத்தைப் பார்ப்பதால், பெயர்த்து எழுதும் வேலையும் ஒழிந்தது. கேள்விகளுக்கு எண்ணும் கொடுத்தோம். அதன் பயன் பின்னால் தெரிந்தது.

சொல்லைத் தேடியது

அடுத்து, கேள்விகளின் சொற்கள். உலக சுகாதார நிறுவனம் தன் வினாத்தாள்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுபோகும்போது ஒரு முறையைப் பின்பற்றுகிறது. முதலில் மொழிபெயர்ப்பார்கள். பிறகு மூலத்தைப் பார்க்காத ஒருவரைக்கொண்டு அந்த மொழிபெயர்ப்பைத் திரும்ப மூல மொழிக்கு மாற்றுவார்கள். இரண்டையும் ஒப்பிடுவார்கள். அதன்பின் பயன்படுத்தப்போகும் மக்களிடம் கேட்டுப் பார்ப்பார்கள்.

இதையே வகுப்பில் செய்தோம். ஒரு குழுவிடம் பழைய படிவத்தின் தமிழ்க் கேள்விகளை மட்டும் கொடுத்து ஆங்கிலத்துக்கு மாற்றச் சொன்னேன். 'இழுப்பு' அகப்பட்டது. பாதிப்பேர் வீசிங் என்றும், மீதிப்பேர் ஃபிட்ஸ் என்றும் எழுதியிருந்தார்கள். 'மயக்கம்' என்ற சொல்லும் அகப்பட்டது. "மயக்கமா இருக்குது" என்றால் தலை சுற்றுகிறது. "மயக்கம் போட்டு விழுந்துட்டான்" என்றால் நினைவு தப்பிவிட்டது. மருத்துவருக்கு இவை வேறு வேறு செய்திகள். ஒரே சொல்லை வைத்து ஒரு கட்டம் போட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ஆனால் 'ஒவ்வாமை' இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கியது. எல்லாக் குழுக்களும் அலர்ஜி என்று சரியாக எழுதிவிட்டன. காரணம் எளிது. மொழிபெயர்த்தவரும் பாடப்புத்தகத் தமிழ் படித்தவர், திரும்ப மாற்றியவர்களும் பாடப்புத்தகத் தமிழ் படித்தவர்கள். இரு பக்கமும் ஒரே அகராதி. அந்தச் சொல் ஊரில் ஓடுகிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது.

அதற்காக மாணவர்களுக்கு ஒரு வீட்டு வேலை கொடுத்தேன். வீட்டில் உள்ள பெரியவரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதில் என்ன கேட்கிறார்கள், உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று மட்டும் கேட்டு வர வேண்டும். அவர்களுக்கு அந்த நோய் இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. சொன்னாலும் எழுதிவரக் கூடாது. பிறருடைய உடல்நலச் செய்தி வகுப்புக்கு வரக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருந்தேன்.

ஒவ்வாமையைப் பற்றி வந்த விடைகள் கண்ணைத் திறந்தன. "பசிக்காம இருக்கறது" என்றார் ஒருவர். "சாப்பாடு புடிக்காம போறது" என்றார் இன்னொருவர். பலர் தெரியவில்லை என்றார்கள். ஆனால் "இந்த மருந்து எனக்குச் சேராது", "அந்த ஊசி ஒத்துக்காது" என்று எல்லா வீட்டிலும் பேசுகிறார்கள். இரத்த அழுத்தமும் அப்படித்தான். "இரத்த அழுத்தம் உண்டா?" என்ற கேள்விக்கு ஒரு மாணவி, "சார், அது எல்லாருக்கும் இருக்குமே" என்றாள். அறிவியல் வகுப்பில் கவனமாக இருந்திருக்கிறாள். வீட்டில் சொல்வது பிரஷர், பிரஷர் மாத்திரை.

இவற்றிலிருந்து ஒரு வழி கிடைத்தது. நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பதைவிட, கண்ணால் காண்பதையும் கையால் செய்வதையும் சொல்லிக் கேட்டால் இரண்டு பொருள் வருவதில்லை. 'இழுப்பு' என்பதை எடுத்துவிட்டு இரண்டு கேள்விகள் வைத்தோம். "மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் போலச் சத்தம் வருவதுண்டா?" என்று ஒன்று. "கை கால் வெட்டி வெட்டி இழுத்து, நினைவு தப்பியதுண்டா?" என்று மற்றொன்று. மயக்கமும் இரண்டாயிற்று. "தலை சுற்றுவதுண்டா?", "நினைவில்லாமல் விழுந்ததுண்டா?". இரத்த அழுத்தம், "பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" ஆயிற்று. ஆங்கில வரியில் மட்டும் மருத்துவர் பழகிய கலைச்சொல் இருக்கும். இரு வரிகளும் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அல்ல. ஒரே செய்தியைத் தத்தம் வாசகருக்குச் சொல்கின்றன. அந்தச் செய்தி ஒன்றுதானா என்பதை மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியையும் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கினோம்.

'ஆம்' என்றால் என்ன?

பழைய படிவத்தில் மிக ஆபத்தான வரி எது என்று கேட்டால், நான் இழுப்பைச் சொல்ல மாட்டேன். இதைச் சொல்வேன்: "மருந்து ஒவ்வாமை எதுவும் இல்லையா? ஆம் / இல்லை". ஆங்கிலப் பக்கத்தில் 'தெரிந்த மருந்து அலர்ஜி இல்லை' என்ற பொருளில் ஒரு வாசகம், எதிரே யெஸ், நோ.

வகுப்பில் ஒருவனை எழுப்பி, "உனக்கு எந்த மருந்தும் சேராமல் போனதில்லை என்று வைத்துக்கொள். விடை என்ன?" என்றேன். "இல்லை" என்றான். பக்கத்தில் இருந்தவள், "ஆமாம், இல்லை" என்றாள். தமிழில் இரண்டுமே சரி. எதிர்மறைக் கேள்விக்கு, கேட்டவரோடு ஒத்துப்போய் 'ஆமாம்' என்றும் சொல்கிறோம், செய்தியைச் சொல்லி 'இல்லை' என்றும் சொல்கிறோம். ஆனால் அவன் போட்ட 'இல்லை' ஆங்கிலப் பக்கத்தில் 'நோ' ஆகும்போது, 'அலர்ஜி இல்லை என்பது சரியல்ல' என்றாகிறது. அதாவது அலர்ஜி இருக்கிறது! உண்மையிலேயே அலர்ஜி உள்ளவர் "இருக்குதுங்க" என்பார். அதற்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை.

ஆகவே எதிர்மறைக் கேள்வி எதையும் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். விடைகளிலும் 'ஆம்' வேண்டாம் என்றோம். தமிழில் நாம் வினைச்சொல்லைக்கொண்டே விடை சொல்கிறோம். "வந்ததுண்டா?" என்றால் "உண்டு", "சாப்பிடுகிறீர்களா?" என்றால் "சாப்பிடுகிறேன்". கேள்வியின் சொல்லே கட்டத்தின் எதிரில் இருந்தால் நிரப்புகிறவர் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

மூன்றாவதாக 'தெரியாது' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அப்பத்தாவுக்குப் பேரனின் பழைய ஊசி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று தெரியாமல் இருக்கலாம். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் 'இல்லை' என்று போடுவார், அல்லது வெறுமையாக விடுவார். வெறும் கட்டத்தைப் படிக்கிறவர் 'இல்லை' என்று எடுத்துக்கொள்வார். தெரியாது என்பதும் கேட்காமல் விட்டது என்பதும் இல்லை என்பதும் மூன்று வேறு செய்திகள். மருந்து எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடு தேவை.

குறியிடும் முறையிலும் குழப்பம் இருந்தது. பழைய படிவத்தின் மேற்பகுதியில் "தேவையற்றதை அடிக்கவும்" என்றும், கீழ்ப்பகுதியில் "டிக் செய்யவும்" என்றும் இருந்தன. மாணவர்களில் சிலர் 'உண்டு' என்பதில் டிக்கும் 'இல்லை' என்பதில் பெருக்கல் குறியும் போட்டார்கள். நாம்தானே விடைத்தாளில் சரி என்றால் டிக், தவறு என்றால் பெருக்கல் குறி என்று பழக்கியிருக்கிறோம்! இரண்டு கட்டத்திலும் குறி இருந்தால் அவசரத்தில் படிப்பவர் என்ன செய்வார்? புதிய படிவத்தின் தலைப்பில் ஒரே அறிவுரை: "ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கட்டத்தில் மட்டும் ✓ போடவும். மற்றக் கட்டங்களை அப்படியே விடவும்." பக்கத்தில் நிரப்பிய மாதிரி ஒன்று. சொல்லைவிட அந்த மாதிரிதான் அதிகம் உதவியது.

எட்டு நாளும் பதினஞ்சு நாளும்

இருமல் எத்தனை நாளாக என்பதற்கு மாணவர்கள் நான்கு கட்டம் அமைத்தார்கள்: 1–3 நாள், 4–7 நாள், 8–14 நாள், 15 நாளுக்கு மேல். கணக்கு ஆசிரியர் பார்த்ததும், "சரியாகப் பதினைந்தாம் நாள் வருகிறவர் எங்கே போவார்?" என்றார்.

வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் பெரும்பாலோர் அந்தப் பதினைந்தாம் நாளில்தான் வருவார்கள். ஒரு வாரத்தை நாம் 'எட்டு நாள்' என்கிறோம், இரண்டு வாரத்தைப் 'பதினஞ்சு நாள்' என்கிறோம். ஆக, ஒரு வார இருமல் 8–14 என்ற கட்டத்துக்குத் தள்ளப்படும். இரண்டு வார இருமலுக்குக் கட்டமே இல்லை.

இரண்டு வாரம் என்ற எல்லையைக் கோட்டைவிட முடியாது. இருமல் இரண்டு வாரத்துக்கு நீடித்தால் காசநோய்க்காகச் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் வழிகாட்டல். எனவே எண்களை எடுத்துவிட்டு மூன்று கட்டம் வைத்தோம்: 'ஒரு வாரம் ஆகவில்லை', 'ஒரு வாரம் ஆகிவிட்டது, இரண்டு வாரம் ஆகவில்லை', 'இரண்டு வாரம் ஆகிவிட்டது'. இடைவெளியும் இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் இல்லை.

கற்பனை நோயாளியைக்கொண்டு சோதனை

கடைசிச் சோதனைக்கு நானே சில கற்பனை நோயாளிகளை அட்டையில் எழுதினேன். ஓர் அட்டை இது: "62 வயது, தறி ஓட்டுபவர். பதினஞ்சு நாளா இருமல். காலையில் பிரஷர் மாத்திரை ஒன்று சாப்பிடுகிறார். முன்பு பென்சிலின் ஊசி போட்டபோது உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியது. எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, விழுந்ததில்லை."

ஒரு குழு இந்த அட்டையைப் படித்துவிட்டுப் படிவத்தின் தமிழ் வரிகளைப் பார்த்து நிரப்பும். இன்னொரு குழு, தமிழ் வரிகளைக் காகிதத் துண்டால் மறைத்துவிட்டு, ஆங்கில வரிகளையும் டிக்குகளையும் மட்டும் பார்த்து, இந்த நோயாளி யார் என்று எழுதும். பிறகு அட்டையோடு ஒப்பிடுவோம்.

பழைய படிவத்தில் இந்த நெசவாளர் மறுபக்கம் போய்ச் சேர்ந்தபோது, நினைவு தப்பி விழுகிறவராகவும், மருந்து அலர்ஜி ஏதும் இல்லாதவராகவும் ஆகியிருந்தார். நிரப்பியவர்கள் கவனமாகத்தான் நிரப்பினார்கள், படித்தவர்களும் கவனமாகத்தான் படித்தார்கள். புதிய படிவத்தில் நான்கு செய்திகளும் சரியாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் ஒரு குறை தெரிந்தது. மருந்து சேராது என்பது தெரிந்தது, எந்த மருந்து என்பது தெரியவில்லை. 'உண்டு' என்ற கட்டத்தின் கீழேயே "எந்த மருந்து? என்ன ஆயிற்று?" என்று ஒரு வெற்றுக்கோடு சேர்த்தோம்.

இறுதியில் அந்தக் கேள்வி இப்படி அமைந்தது. அச்சில் ஆங்கில எழுத்தில் உள்ள வரியை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

5. ஏதாவது மருந்து, மாத்திரை, ஊசி உங்களுக்குச் சேராமல் உடம்பு தடித்தல், அரிப்பு, மூச்சு முட்டல் வந்ததுண்டா?
டிரக் அலர்ஜி

☐ உண்டு
பிரசென்ட்
எந்த மருந்து? என்ன ஆயிற்று? ____________

☐ இல்லை
நன் நோன்

☐ தெரியாது
நாட் ஷ்யூர்

படிவம் செய்ய முடியாதவை

எழுதப் படிக்கத் தெரியாதவர்க்கு இந்தப் படிவத்தை வேறொருவர் படித்துக் காட்டத்தான் வேண்டும். அதனால் ஒவ்வொரு கேள்வியையும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்தோம். மூச்சு வாங்காமல் படிக்க முடியாத வாக்கியத்தை உடைத்தோம்.

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளில் வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ்-ஆங்கிலப் படிவம் பயன்படாது. மருத்துவர் இப்போது இந்தி-ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தயார் செய்துவருகிறார். கேள்வி எண்களும் கட்டங்களின் வரிசையும் மாறக் கூடாது என்பது மட்டும் எங்கள் வேண்டுகோள். அப்படி இருந்தால் மொழி தெரியாத செவிலியர்கூட ஐந்தாம் கேள்வியில் முதல் கட்டம் டிக் ஆகியிருந்தால் நிறுத்திக் கேட்பார்.

படிவம் பள்ளிக்கும் வரும். குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் கொடுக்கும் முன், பிள்ளைக்கு உடல்நலக் குறைவு இருக்கிறதா, வேறு மருந்து சாப்பிடுகிறதா என்று நாம் கேட்கிறோம். தேசிய சிறார் நலத்திட்டத்தின் மருத்துவக் குழு வரும்போதும் பெற்றோரிடம் விவரம் வாங்குகிறோம். இந்த முறை அந்தச் சீட்டை வீட்டுக்கு அனுப்பும் முன் அதை வகுப்பில் வைத்துச் சோதித்தோம். "உடல்நலக் குறைவு ஏதும் இல்லை: ஆம் / இல்லை" என்று எங்கள் பள்ளியிலேயே ஒரு வரி இருந்தது. பல ஆண்டுகளாக நான்தான் அதைத் தட்டச்சு செய்து கொடுத்துவந்திருக்கிறேன்.